நிற்காத நிறம்

அப்பா முட்டை ஓடுகளைத் துணிப்பையில் போட்டு, நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். பையைக் கொடுக்கும்போதே பாதி நொறுங்கியிருந்தது.

"சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருக்குதுன்னு பாரு கண்ணு. கொறையாத்தான் இருக்கும். தீனியில கிளிஞ்சல் சேத்திப் போட்டா சரியாயிரும்."

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் பண்ணையில் இருந்தவை அம்மா வளர்த்த கடைசித் தொகுதிக் கோழிகள். குஞ்சுகள் வந்திறங்கிய நாளில் வெல்லத் தண்ணீர் வைத்து, சாயங்காலம் ஒவ்வொன்றின் இரைப்பையையும் தடவி, தின்றதா என்று பார்த்தவள் அவள்தான். அவை முட்டையிடத் தொடங்கியதும் அம்மா படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை. கோழிகளை விற்கும் வயது தாண்டிய பிறகும் அப்பா விற்கவில்லை. முட்டை பெரிதானது, ஓடு மெலிந்தது. அட்டையில் அடுக்கும்போதே விரிசல் விட்டது. வியாபாரி முட்டை எடுக்க இனி வண்டி அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஓட்டில் சுண்ணாம்பு குறைவு என்று தெரிந்தால் தீனியைச் சரிசெய்து கோழிகளை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கறிக்குப் போக வேண்டியதுதான்.

விடை எனக்கு முன்பே தெரியும். மெல்லிய ஓடானாலும் கிராமுக்கு இத்தனை சுண்ணாம்பு என்பது அநேகமாக மாறாது. வயதான கோழி பெரிய முட்டையின் மேல் அதே சுண்ணாம்பைப் பரப்பிப் போர்த்துகிறது, அவ்வளவுதான். ஊரில் எல்லோருக்கும் இதை விளக்கிச் சொல்கிறவள் நான். அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில் ஓடுகளை வாங்கிக்கொண்டேன்.

உள்சவ்வை உரித்து, கழுவி, உலர்த்தி, பொடித்து வைத்தேன். மறுநாள் காலையிலேயே அப்பா வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்? அமிலத்தில் பொடி நுரைத்துக் கரைந்தது. வடிகட்டி, அம்மோனியம் ஆக்சலேட் ஊற்றி, சூடாக்கி, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளையாக வீழ்படிவு இறங்கியது.

"இதுதானா சுண்ணாம்பு?"

"ஆமாங்கப்பா. ஆக்சலேட் இதைப் புடிச்சுக்கிச்சு. இருக்கற சுண்ணாம்புக்குத் தக்கனதான் புடிக்கும்."

படிவு நன்றாக அமரட்டும் என்று காத்திருந்தோம். பிறகு வடித்து, கழுவிய நீரில் ஆக்சலேட் துளியும் இல்லை என்றாகும்வரை கழுவினேன். சரியாகக் கழுவாவிட்டால் ஒட்டியிருக்கும் ஆக்சலேட்டும் சேர்ந்து சுண்ணாம்பை அதிகமாகக் காட்டும். அன்று என் கை ஒருமுறை கூடுதலாகவே கழுவியது. படிவைச் சூடான கந்தக அமிலத்தில் கரைத்து, ப்யூரெட் என்கிற அளவுக் குழாயில் பெர்மாங்கனேட்டை நிரப்பினேன்.

"இந்தக் கத்தரிப்பூக் கலரை விடுவேன். உள்ள இருக்கற ஆக்சலேட் அதைத் தின்னுரும். தின்ன ஒண்ணுமில்லாமப் போனா ரோஸ் நிறம் நின்னுரும். சீக்கிரம் நின்னா சுண்ணாம்பு கொறைவுங்கப்பா."

முதல் சொட்டு விழுந்தது. குடுவை ரோஸாகி அப்படியே நின்றது.

அப்பா எழுந்தேவிட்டார். "நின்னுருச்சு பாரு. நாஞ் சொன்னனல்ல? ஒரு சொட்டுதான்."

அம்மா போன பிறகு அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. முதல் சொட்டு எப்போதும் தயங்கும். அது மாறி, மாங்கனீசு கொஞ்சம் உண்டான பிறகுதான் வினை வேகம் பிடிக்கும். இதை முன்பே சொல்லியிருக்கலாம். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். நிறம் மெல்ல வெளிறிப் போய்விட்டது. அடுத்த சொட்டு விழுந்ததும் மறைந்தது. அதற்கடுத்தது, விழுந்த தடமே தெரியவில்லை. அப்பா உட்கார்ந்தார். ப்யூரெட் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் ரோஸ் நின்றபோது அளவு, ஒப்பிட்டுப் பார்க்க முன்பே சோதித்துக் குறித்து வைத்திருந்த இளங்கோழி முட்டை ஓட்டின் அளவுக்குச் சரியாக இருந்தது.

"கொறையே இல்லீங்களா சாமி?"

"இல்லீங்கப்பா. கோழிக்கு வயசாயிருச்சு."

அவர் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரியிலயும் இதேதான் சொன்னாங்க, எல்லாம் குடுத்தாச்சுன்னு. கொறைன்னு ஒண்ணு இருந்தா எங்கிருந்தாவது கொண்டாந்து குடுத்துருப்பேன். ஒண்ணுமே கொறையில்லீன்னா நா என்னத்தக் கண்ணு குடுக்கறது?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

அடுத்த வாரம் கறிக்கோழி வாங்குகிறவரின் வண்டி வந்து கோழிகளை ஏற்றிப் போனது. கடைசியாக எடுத்த முட்டைகளை ஓர் அட்டையில் அப்பா என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வழியிலேயே பாதி உடைந்திருந்தது. உடையாதவற்றை நான் ரொம்ப நாள் சமைக்கவே இல்லை.