சரிவான முகத்தை அழித்த சார்

படம் அழகாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். எருத்தேன்பதியிலிருந்து பஸ் பிடித்துப் போய் நான் டிராயிங் வேலை பார்த்த பட்டறையில் அப்படி ஒருவர் இருந்தார். டிசைன் இன்சார்ஜ். நான் போடும் படங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது அவர் வேலை.

ஒரு பம்ப்பின் வால்வு பாடி வந்தது. அதில் ஒரு பக்கம், பட்டறைப் பேச்சில் முகம், நாற்பத்தைந்து டிகிரி சரிவு. அந்த முகத்தில்தான் மூடியைப் பூட்டும் நான்கு மரைத்துளைகள். மேலிருந்து பார்த்தால் சரிவான முகம் குறுகித் தெரியும், துளைகள் முட்டை வடிவமாகிவிடும், நீளம் எதுவும் உண்மையாக இருக்காது. அதனால் முன்பக்கப் படத்தில் சரிவைக் காட்டும் கோட்டுக்குச் செங்குத்தாகக் கோடுகள் இழுத்து, அந்த முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதுபோல் ஓர் ஆக்ஸிலரி வியூ போட்டேன். வட்டம் வட்டமாக வந்தது. சரிவு நெடுகத் துளைகளுக்கு இடையே அறுபது மில்லிமீட்டர் என்று அதிலேயே எழுதினேன். உள்ளே தண்ணீர் அறை இருப்பதால் துளை அதைத் தொடாமல் நிற்க வேண்டும். அந்த ஆழத்தைக் காட்ட, முன்பக்கப் படத்தில் துளை இருக்கும் இடத்தை மட்டும் பிய்த்துத் திறந்ததுபோல் செக்‌ஷன் போட்டேன். திறந்த இடத்தைச் சுற்றி நெளிநெளியாக ஒரு கோடு வரும்.

சார் பார்த்தார். பாடியில் ஏன் விரிசல் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். விரிசல் இல்லை, உள்ளே தெரிவதற்காகத் திறந்து காட்டியிருக்கிறேன் என்றேன். பக்கத்தில் ஒரு படம் கோணலாக ஏன் நிற்கிறது என்றார். சரிவுக்கு நேராக நிற்கிறது என்றேன். கஸ்டமர் சிரிப்பான் என்று சொல்லிவிட்டு, நான் வீட்டுக்குப் போனபிறகு இரண்டையும் அழித்துவிட்டார். அளவு வேண்டுமே! மேலிருந்து பார்க்கும் டாப் வியூவில் கம்ப்யூட்டரை அளக்கச் சொன்னார், நாற்பத்திரண்டு சொச்சம் வந்தது, அதை எழுதிவிட்டார். ஆழம் எங்கேயும் இல்லை. செக்‌ஷன் இருந்த இடத்தில், உள்ளே மறைந்த துளையைக் காட்டும் புள்ளிக்கோடுகள் தண்ணீர் அறையின் கோடுகளோடு பின்னிக் கிடந்தன.

மில்லிங் மெஷினில் நின்ற அண்ணன் சக்குபள்ளத்துக்காரர். ஏலக்காய் எஸ்டேட் வேலையை விட்டு, மகளை இங்கே பள்ளியில் சேர்த்து, வாடகை வீட்டில் குடித்தனம் நடத்துபவர். பிரிண்டை எடுத்துக்கொண்டு சாரிடமே போய், இந்த நாற்பத்திரண்டு சரிவு மேலேயா, துளை எவ்வளவு ஆழம் என்று கேட்டிருக்கிறார். பிரிண்டில் இருக்கிறதைச் செய் என்று பதில். அண்ணன் சரிவான முகத்தை மெஷினில் மட்டமாகப் பிடித்து, அதில் நாற்பத்திரண்டு சொச்சம் வைத்து, புள்ளிக்கோடு போன ஆழம்வரைக்கும் துளையைப் போட்டார்.

அத்தனை பாடியும் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. மூடி உட்காரவில்லை, துளைவழியே தண்ணீர் ஒழுகியது. முதலாளி எங்கள் மூவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். சார் அசையாமல், டிராயிங் படிக்கத் தெரியாத ஆளை மெஷினில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், இவரை அனுப்பிவிடலாம் என்றார். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. என்ன மனுஷன் இவர்! கேட்க வந்தவனைத் துரத்திவிட்டு, படிக்கத் தெரியாதவன் என்று சொல்ல எப்படி நாக்கு வருகிறது?

மேஜையில் கிடந்த பாடியை எடுத்து, சரிவான முகத்தின்மேல் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். முகம் முழு நீளத்துக்கும் விழுந்தது, துளைகள் உருண்டையாக விழுந்தன. பக்கத்தில் சாரின் பிரிண்டை வைத்தேன். அதில் முகம் குறுகி, துளைகள் முட்டையாக இருந்தன.

முதலாளி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏனம்மிணி, இப்படித் தேய்ச்ச மாதிரி ஒரு படம் நீ போடலியா?"

"போட்டனுங்க. சார்தான் எடுத்துட்டாருங்க. ஆழம் காட்டுன படத்தையுந்தானுங்க."

சார் கூரையைப் பார்த்தார். முதலாளி, யாரையும் அனுப்ப வேண்டியதில்லை, அந்தப் பொண்ணு போட்ட படத்தையே திரும்பப் போடுங்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். சார் அண்ணன் பக்கம் திரும்பிப் பெருந்தன்மையாக, இனிமேல் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும், புரிகிறதா என்றார். ஒரு மன்னிப்பு இல்லை, புத்திமதி!

அண்ணன் பிரிண்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"கேட்டேன்ல சார். ஒங்ககிட்டதான் கேட்டேன். இனி இந்தப் பிள்ளைகிட்ட கேட்டுக்கிடுதேன்."

சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். முதலாளி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.