பானுப்பிரியாவின் குளியலறை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு பிளான் போடும் ஜுவைரியா மேடத்தைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் அவளது பிடிவாதத்தைத்தான் சொல்வேன். அவள் போடும் வீடுகளைக் கட்டுகிற காண்டிராக்டர் நான். என் பாதித் தலை நரைத்தது அவளால்தான். மீதி தங்கப்பாண்டியன் சாரால்.

அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மம்சாபுரத்தில் வீடு கட்ட, ராஜபாளையத்தில் இருந்துகூட பிளான் போடுகிறவர்களை வரவழைத்து, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது போல நேர்காணல் நடத்தினார். மற்றவர்கள் முன்பக்க அலங்காரத்தை கம்ப்யூட்டரில் வண்ண வண்ணமாகக் காட்டினார்கள். ஜுவைரியா மனையின் வரைபடத்தை விரித்தாள்.

"இது வடக்கு சார். இது தெரு, கேட்டு இங்கே. பேஸ்மட்டம் தரையிலேருந்து ஒன்றரை அடி உயரம். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் வேணும், அதனால கேட்டுலேருந்து வாசல் வரை பதினெட்டடிக்கு ராம்ப். பாத்ரூம் ஏழுக்கு எட்டு. உள்ளே அஞ்சடி வட்டம் காலியா இருந்தாத்தான் சேர் திரும்பும்."

சேர் என்றதும் அவர் முகம் இறுகியது. அவர் மகள் பானுப்பிரியா வண்டியில் இருந்து விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டவள். சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். ஆனால் புது வீட்டுக்குள் அவள் நடந்து வருவாள் என்பது அவர் சபதம். அதுவரை மனைப் பக்கமே அவளைக் கூட்டிவரக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. இருந்தும் அவர் மனைவி சண்முகத்தாய் அழுத்திச் சொன்னதால் வேலை ஜுவைரியாவுக்கே கிடைத்தது.

வைத்தியச் செலவு கையிருப்பைக் கரைத்ததும் அவர் பிளானில் வெட்ட ஆரம்பித்தார். முதல் வெட்டு அந்த ராம்ப், வாசலுக்கு ஏறும் சாய்தளம். அடுத்தது குளியலறை.

"நாலுக்கு ஏழு போதும்மா. எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் அம்புட்டுத்தான்."

"செலவைக் குறைக்கணும், அவ்வளவுதானே சார்? கிரானைட்டை விட்டு டைல்ஸ் போடுவோம். தேக்கு தலைவாசலுக்கு மட்டும். முன்பக்க அலங்காரத்தைப் பொறவு பார்ப்போம். நீங்க வெட்டுறதை விட இதுல கூடுதலாவே மிச்சமாகும்."

கணக்குப் போட்டுக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. அவர் கேட்டால்தானே!

"வீட்டுக்காரன் நானா, நீயா?"

"வீடு உங்களது சார். குளிக்கப் போறது பானு."

அட, இந்த வாய் இல்லாவிட்டால் என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காண்டிராக்ட் போய்விடுமே என்ற பயம் எனக்கு.

மனையில் சுண்ணாம்புக் கோடு போடும் நாள் வந்தது. வெறும் தரையில் கோடு போட்டால் எந்த அறையும் கோழிக்கூடாகத்தான் தெரியும். எல்லோரும் "எம்புட்டு சின்னதா இருக்கு, பெருசாக்குங்க" என்றுதான் பதறுவார்கள். இவரோ நான் போட்ட குளியலறைக் கோட்டைக் காலால் அழித்து, "உள்ளே தள்ளிப் போடுங்க லிங்கேஸ்வரன்" என்றார். பணம் கொடுப்பவர் சொல்கிறார். போட்டேன்.

ஜுவைரியா வந்து பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சண்முகத்தாய்க்குப் போன் போட்டாள், அவ்வளவுதான். செத்த நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. சண்முகத்தாய் தாங்கிப் பிடிக்க, பானுப்பிரியா நாற்காலிக்கு இறங்கினாள்.

"ஏட்டி, இவளை யாரு இங்கே கூட்டியாரச் சொன்னா?" மனைவி மேல் பாய்ந்தார்.

"நான்தாம்ப்பா வந்தேன்," என்றாள் மகள். கோட்டில் கதவுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக அந்த நாலடிக்குள் சக்கரத்தை உருட்டினாள். நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள். ஒரு பக்கச் சக்கரம் கோட்டைத் தாண்டியது. பின்னால் வந்து மறுபடி முயன்றாள். மறுபக்கமும் தாண்டியது. டயரெல்லாம் சுண்ணாம்பு.

"செவுரு இங்கனதானேப்பா வரும்? அப்போ நான் செவுத்துக்கு வெளியில இருக்கேன்."

"நீ நடந்துருவ தாயி..."

"நடந்தா நல்லதுதாம்ப்பா. நடக்குற வரைக்கும் நான் எங்கே குளிக்க? அம்மாவுக்கு இடுப்பு போச்சு, என்னைத் தூக்கித் தூக்கி."

சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் என்னிடம், "மேடம் சொன்ன அளவுக்கே கோடு போடுங்க," என்றார். ஜுவைரியா பக்கம் திரும்பினார். "அந்த ராம்ப்பை மட்டும் பின்பக்கம் வச்சிரலாமா? தெருவுல போறவங்க எல்லாம் என்னன்னு கேட்பாங்க."

ஜுவைரியா பதில் சொல்லுமுன் பானு முந்திக்கொண்டாள். "பின்வாசல் வழியா நான் வரமாட்டேன்ப்பா. நான் என்ன களவாணியா?"

அவர் என் கையில் இருந்த சுண்ணாம்பு டப்பாவை வாங்கினார். கேட்டு வர வேண்டிய இடத்தில் குனிந்து, வாசலை நோக்கி ராம்ப்புக்கு அவரே பொடியைத் தூவிக்கொண்டு போனார். நூல் பிடிக்கவில்லை. கோடு கோணிக்கொண்டு போனது. திருத்த நூலை எடுத்தேன். ஜுவைரியா என் கையைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் வாசல்வரை போய்ச் சேரட்டும் என்று நின்றோம்.