ஒரே பெயரில் இரண்டு திரைகள்

திரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. மானிட்டரின் அடிவிளிம்பில், கேபிள்கள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், பட்டாணி நுழையாத அளவுக்குச் சின்ன வட்டம். மேலே ஹெட்போன் படம் போட்டிருந்தது. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். எட்டு மாதமாக இந்தத் திரையைத் தினம் துடைக்கிறேன். இதில் காது இருக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் அக்காவின் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ. சொந்த அக்கா இல்லை. ஊரே அப்படித்தான் கூப்பிடும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு வீட்டில் உட்கார முடியாமல் நானாகப் போய் ஒட்டிக்கொண்ட வேலை. அங்கே ஒரு சிபியுவுக்கு இரண்டு திரைகள். ஒன்று எங்கள் பக்கம், இன்னொன்று வாடிக்கையாளர் பக்கம். முதுகும் முதுகும் ஒட்டியபடி மேசை நடுவில் நிற்கும். நாங்கள் தட்டுவது அப்படியே அந்தப் பக்கமும் தெரியும். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வந்தவரே பார்த்துச் சொல்லிவிடுவார். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு சண்டை பாதி குறைந்தது என்பாள் அக்கா.

குறை ஒன்றுதான். சத்தம் கிடையாது. சிபியு மேசைக்கு அடியில் இரும்புக் கூண்டில் பூட்டிக் கிடக்கிறது. ஹெட்போன் ஒயர் அங்கிருந்து மேலே எட்டாது. ஆன்லைன் இன்டர்வியூ என்று யாராவது வந்தால் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சந்தின் முனைக்கு ஓடுவார்கள்.

"அக்கா, படம் வர்ற கேபிள்லயே சத்தமும் வருமாம்கா. இந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்ல ரெண்டும் சேந்துதான் போவுது. ஹெட்போன இந்த ஓட்டையில சொருவினா போதும்."

"வருமாம்னா? வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப தொட. அந்த மூலையில இன்னும் அழுக்கு இருக்கு."

அப்படிச் சொன்னவள்தான் மறுநாள் காலையில் தன் வீட்டிலிருந்து இரண்டு முனையிலும் ஊசி வைத்த நீளமான கறுப்பு ஒயர் ஒன்றைக் கொண்டுவந்தாள். கூண்டைத் திறந்து, சிபியுவின் பச்சை ஓட்டையில் ஒரு முனையையும் திரையின் ஓட்டையில் மறுமுனையையும் சொருகிவிட்டு, என்னை ஜெயித்த முகத்தோடு பார்த்தாள். சத்தம் எதுவும் வரவில்லை.

"ரெண்டும் சத்தம் வெளிய வர்ற வாய்தான்கா. வாயோட வாய வச்சா யாரு கேக்கறது?"

"ஏய், வாய மூடு," என்று சிரித்தபடி ஒயரைப் பிடுங்கினாள்.

அந்த வாரமே அவசியமும் வந்து நின்றது. வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். நர்சிங் முடித்தவள். சென்னையில் ஒரு மருத்துவமனை ஆன்லைனில் இன்டர்வியூ வைத்திருக்கிறது, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. மலையில் சிக்னல் நம்ப முடியாது. போன தடவை வேறொரு மருத்துவமனை கேட்ட மூன்றாவது கேள்வியிலேயே லைன் அறுந்துபோய், அவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லையாம்.

"இந்த வாட்டி பத்து நிமிஷத்துல கனெக்ட் ஆவலன்னா அடுத்த ஆளக் கூப்ட்ருவாங்களாம் மேடம். உங்க கடையில ஒழுங்கா கேக்குமா?"

"கேக்கும்," என்று சொல்லிவிட்டேன். வாய்தான் முந்திக்கொண்டது. போனை வைத்த பிறகுதான் அந்த ஓட்டையில் இன்னும் ஒரு தடவைகூடச் சத்தம் வரவில்லை என்பது உறைத்தது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே கடைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பாட்டை ஓடவிட்டேன். ஊமை. செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தைத் திறந்தேன். சத்தம் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் இரண்டு வரிகள். முதலாவது வெறும் ஸ்பீக்கர்ஸ். அதாவது கூண்டுக்குள் இருக்கும் பச்சை ஓட்டை. டிக் அதன்மேல்தான். எதுவுமே சொருகாத ஓட்டைக்கு இத்தனை நாளும் சிபியு சளைக்காமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறது! இரண்டாவது வரியில் எங்கள் மானிட்டரின் மாடல் எண். அதைத் தொட்டேன்.

பாட்டு வந்தது. திரைக்குப் பின்னால், மானிட்டருக்குள்ளேயே இருக்கும் குட்டி ஸ்பீக்கரிலிருந்து, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போல. ஆனால் வந்தது! எழுந்து ஒரு சுற்று சுற்றினேன். ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்த அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"விடுடி, தாளு கோணலாப் போவுது. ஹெட்போன்ல கேட்டுப் பாத்தியா?"

"அந்த மலைப் பொண்ணே எடுத்தாருதாம். ஸ்பீக்கர்ல வருதுல்ல, சொருவினா ஹெட்போன்லயும் வந்துரும்."

அதில் தப்பில்லை. தப்பு வேறொரு இடத்தில் இருந்தது.

பத்தரைக்கு அவள் வந்தாள். முதல் பஸ் பிடித்து மலை இறங்கியிருக்கிறாள். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்க வைத்திருந்த எலுமிச்சம்பழம் இன்னும் கையிலேயே இருந்தது. வெள்ளைச் சுடிதாரில் ஒரு சுருக்கமில்லை. வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா எட்டி அந்தத் திரையின் பொத்தானை அழுத்தினாள். திரை எரிந்தது. ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பக்கத்துத் திரையை அணைத்து வைப்பது கடை வழக்கம். தினமும் நடப்பதுதான், அதனால் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

அவள் ஹெட்போனைச் சொருகினாள். அந்தத் திரைமேல் மாட்டிய வெப்கேமராவின் மைக்கைச் சரிபார்த்துக் கொடுத்தேன். திரையின் ஓட்டை காதுக்கு மட்டும்தான். பேச்சை உள்ளே வாங்காது. அதற்குள் ஜெராக்ஸ் வரிசையில் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். வெளியே சங்கராபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

பதினோரு மணிக்குத் திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா தோன்றினார். உதடு அசைந்தது. அவள் முகம் வெளுத்தது.

"மேடம், ஒன்னுமே கேக்கல."

ஆனால் எனக்குக் கேட்டது! எனக்கு மட்டுமா, கடைக்கே கேட்டது. என் பக்கத்துத் திரையிலிருந்து அந்த அம்மாவின் குரல் கணீரென்று, "குட் மார்னிங், உங்களைப் பற்றிச் சொல்லுங்க," என்றது. பட்டா நகலைக் கையில் பிடித்திருந்த ஒரு விவசாயி திரும்பிப் பார்த்தார்.

"யாரும்மா அது, என்னியா கேக்கறாங்க? எனக்கு ரெண்டு ஏக்கரா மானாவாரிங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. மலைப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று இரண்டு.

அக்கா என் காதருகில் வந்தாள். "இன்னாடி, சத்தம் நம்ம பக்கமா வருது?"

நம்ம பக்கம். அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் பாடியது என் பக்கத்துத் திரை. முதுகோடு முதுகாக நிற்பதால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தப் பக்கத்துத் திரையோ அப்போது அணைந்து கிடந்தது. அணைந்த திரை பட்டியலிலேயே வராது. ஒரே ஒரு மானிட்டர் பெயர் இருந்ததைப் பார்த்து அதுதான் என்று நம்பிவிட்டேன். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்த வீட்டில் வாசலில் நின்று கூப்பிட்டது போல ஆகிவிட்டது.

பட்டியலை மறுபடி திறந்தேன். இப்போது மூன்று வரிகள். ஒரே மாடல் எண் இரண்டு தடவை. டிக் இல்லாத மற்றதைத் தொட்டேன்.

கடையில் குரல் சட்டென்று நின்றது. மலைப்பெண்ணின் தோள் இரண்டும் ஒன்றாகக் கீழே இறங்கின. மீட்டிங் பக்கத்தில் ஸ்பீக்கரை டிஃபால்ட், அதாவது கணினியின் தேர்வே, என்று விட்டிருந்ததால் அதுவும் கூடவே மாறிக்கொண்டது.

"கேக்குது மேடம்," என்றாள். எங்களிடமா, கண்ணாடி அம்மாவிடமா என்று தெரியவில்லை. பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். பிரசவ வார்டில் பயிற்சி எடுத்தது, இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் முதலில் என்ன செய்வாள் என்பது, மலையில் ஜீப் வரும் வரைக்கும் ஒரு கர்ப்பிணியை எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பது எல்லாம் தடுமாறாமல் வந்தன. கேள்விகள் எங்களுக்குக் கேட்கவில்லை. பதில்கள் மட்டும் கேட்டன.

விவசாயிக்குத்தான் மனக்குறை. "ஏம்மா, நிறுத்திட்டீங்க? அந்தம்மா நல்லாத்தான பேசிக்கினு இருந்தாங்க."

"அது அவுங்க காதுக்குங்க. உங்க பட்டாவுக்கு எத்தினி காப்பி?" என்றாள் அக்கா.

இருபத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அக்கா ஜெராக்ஸ் மெஷினை ஓட்டவில்லை. சத்தம் ஜாஸ்தி என்று வரிசையை நிற்க வைத்துவிட்டாள். யாரும் முணுமுணுக்கவில்லை. பாதிப் பேர் மலைப்பெண்ணின் பதிலுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

முடித்துவிட்டு எழுந்தவள் எலுமிச்சம்பழத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, வாயில் கைவைத்துச் சிரித்தாள். "மொத ரெண்டு நிமிஷம் செத்தே போய்ட்டேன்."

"நானும்தான்," என்றேன்.

அன்று மத்தியானமே இரண்டு திரைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். ஒவ்வொன்றின் பண்புகள் பக்கத்திலும் பெயரை மாற்ற இடமிருக்கிறது. ஒன்று 'நம்ம பக்கம்', இன்னொன்று 'வர்றவங்க பக்கம்'. அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "எம் பேர வச்சிருக்கலாம்ல," என்றாள். அந்தப் பக்கத்துப் பொத்தான் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டினேன்: சத்தம் பார்க்கும் முன் திரையைப் போடவும்.

பத்து நாள் கழித்து மலைப்பெண்ணிடமிருந்து போன். அடுத்த மாதம் வேலைக்குச் சேரச் சொல்லிவிட்டார்களாம். நான் கத்திய கத்தலில் போட்டோ எடுக்க உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடிவிட்டார். அவள் அதோடு போனை வைக்கவில்லை.

"மேடம், எங்கூடப் படிச்ச ரெண்டு பேரு இருக்காங்க. இங்கிலீஷ் கேட்டுக் கேட்டுப் பழகணும். வெள்ளிமலையில ஒரு சிபியு கெடச்சிருக்கு. ஒன்னே ஒன்னுதான். ஒருத்தி கேட்டா இன்னொருத்தி சும்மா உக்காரணும்."

ஒரு சிபியு. இரண்டு திரை. இரண்டு ஓட்டை. போனைக் கையில் வைத்துக்கொண்டே சவுண்ட் பக்கத்தைத் திறந்தேன். கீழே வால்யூம் மிக்சர் என்று ஒரு வரி. உள்ளே போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் சத்தம் எங்கே போக வேண்டும் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். பிரவுசரின் சத்தம் ஒரு திரைக்கு, வீடியோ பிளேயரின் சத்தம் இன்னொன்றுக்கு. படம் இரண்டிலும் ஒன்றாகத் தெரிந்தாலும், ஒருத்தி ஒரு பாடம் கேட்கலாம், மற்றவள் வேறு பாடம், ஒரே நேரத்தில்.

"அக்கா, ஞாயித்துக்கெழம ரெண்டு ஸ்கிரீனையும் எடுத்துக்கினு மலைக்குப் போவட்டா?"

"ஓடுமா அது?"

"தெரியல. மொதல்ல இங்க பாக்கறேன். நீ அந்தப் பக்கம் உக்காந்து ஹெட்போன மாட்டு."

அக்கா திரையின் பொத்தானை அழுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தாள். நான் ஆளுக்கு ஒன்றாக இரண்டு பாட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.