பம்பு எடுக்கப் போன லாரியும் என் ஸ்பெல்லிங்கும்

உலு திராமில் ஒரு பட்டறை ஆபீசில் வேலை பார்த்தேன். செம்பனை எண்ணெய் மில்களின் பம்பு, கியர்பாக்ஸ் எல்லாம் எங்களிடம் ரிப்பேருக்கு வரும். வருவதும் போவதும் என் மெயிலில்தான் நடக்கும். வருஷா வருஷம் என் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள். நிரந்தர வேலை கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டதால், வீட்டில் சம்பளம் என்று ஒன்று வருவது என்னால்தான்.

நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இடைநிலைப்பள்ளி முழுக்க மலாய். இங்கிலீஷ் என்பது ஆபீசில் வந்து, முன்னால் இருந்தவர் எழுதியதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவர் தப்பாக எழுதியிருந்தால் நானும் தப்பு. கம்ப்யூட்டரும் உதவவில்லை. அதில் மொழி மலாய் என்று வைத்திருந்ததால் இங்கிலீஷில் எதை அடித்தாலும் சிவப்புக் கோடு விழும். சரியான சொல்லுக்கும் கோடு, தப்பான சொல்லுக்கும் கோடு. கண் எரிச்சல் தாங்காமல் யாரோ ஒரு நாள் அந்தச் சோதனையையே அணைத்துவிட்டார்கள்.

இப்படிப் பல வருஷம் ஓடியது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை, பம்பு வந்தது, பம்பு போனது. அப்புறம் கம்பெனியைச் சிங்கப்பூர்க்காரர்கள் வாங்கினார்கள். அங்கேயிருந்து ஒரு மேனேஜர் வந்தார். நம்மாள்தான், என்னைவிட வயதில் சின்னவர். வந்த வாரமே என் மெயில்களைப் பிரிண்ட் எடுத்து, வட்டம் போட்டு மேசையில் வைத்தார்.

"அக்கா, ரிசீவ்ட்ல சி-க்கு அப்புறம் இ, அதுக்கப்புறம்தான் ஐ. நீங்க திருப்பிப் போடறீங்க. செபரேட்ல நடுவுல ஏ வரணும், நீங்க இ போடறீங்க. டெஃபினிட்லி-ல ஏ-யே கெடையாது, அங்க கொண்டு போய் ஒரு ஏ வைக்கிறீங்க. அக்னாலெட்ஜ்மெண்ட்ல டி எங்க போச்சு?"

"ஜி-க்கு அப்புறம் வர்ற இ சரிதானே சார்?" என்றேன். எதிலாவது ஒன்றில் நான் சரியாக இருக்க வேண்டுமே!

"அது இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. டி மட்டும் போகக்கூடாது."

நிரந்தர வேலைக்கு என் பேரை அனுப்பியிருப்பதாகவும், சிங்கப்பூர் எச்.ஆர். என் மெயில்களில் சிலவற்றை எடுத்துப் படித்துப் பார்க்கும் என்றும் சொன்னார். அதில் தப்பு இருந்தால் போச்சு. நாற்பத்தைந்து தாண்டியவளுக்கு வேறு யார் லா வேலை கொடுப்பார்கள்?

அவரே கம்ப்யூட்டரை இங்கிலீஷுக்கு மாற்றினார். தப்பாக அடித்தால் அதுவே திருத்திக்கொள்ளும்படி வைத்தார். ஆனால் அந்தச் சனியனையும் முழுசாக நம்ப முடியாது. டெஃபினிட்லியைக் கோணலாக அடித்தால் சில நேரம் 'எதிர்த்து நின்று' என்று அர்த்தம் வரும் வேறொரு சொல்லைக் கொண்டுவந்து வைக்கும். அதனால் சமைக்கும்போதும் எழுத்துக் கூட்டினேன், பஸ்ஸிலும் கூட்டினேன். மகள், "அம்மா, தூக்கத்திலகூட ஸ்பெல்லிங் சொல்றீங்க," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்ந்து போயிருந்தேன். ஆனால் மெயிலில் தப்பு விழவில்லை. மேனேஜரின் வட்டங்கள் குறைந்து குறைந்து, ஒரு நாள் இல்லாமலே போய்விட்டன. அன்றைக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் கோத்தா திங்கி பக்கத்து மில் ஒன்றிலிருந்து பம்பு பழுது என்று கடிதம் வந்தது. கடிதம் கிடைத்தது, பம்பை எடுக்கத் தனி லாரி அனுப்புகிறோம், மதியத்துக்குள் கண்டிப்பாக வந்துவிடும், கிடைத்ததற்குப் பதில் போடுங்கள் என்று எழுதினேன். அந்த நாலு சொல்லும் அதில் இருந்தன, நாலும் சுத்தமாக. வழக்கம்போல் சிங்கப்பூருக்கும் ஒரு பிரதி போனது. மில்லிலிருந்து பதில் வரவில்லை. வழக்கமான தாமதம்தான் என்று லாரியை அனுப்பிவிட்டேன்.

மதியம் லாரிக்காரர் போன் செய்தார். மலாய்க்காரர், வயதானவர். கேட்டில் காவலாளி உள்ளே விடவில்லையாம், வெயிலில் நிற்கிறாராம். உடனே மில் ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டேன். பல வருஷப் பழக்கம் அவர்.

"என்னண்ணே, லாரிய வெளியவே நிறுத்திட்டீங்க?"

"அட, நீங்கதானா! அந்த மெயிலு நீங்க போட்டதா?"

"நான்தான். வேற யாரு போடுவா?"

"அலமாக்! போன வருஷம் உங்க கம்பெனி பேர்ல எவனோ மெயில் போட்டு ஒரு பம்ப தூக்கிட்டுப் போனான்ல? அந்த மெயில்ல இங்கிலீஷ் அப்படிச் சுத்தமா இருந்துச்சு. அதுலேர்ந்து எங்க மேனேஜர் உங்க பழைய மெயில பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் கேட்ட தொறக்கச் சொல்வாரு. இன்னிக்கி பாத்தாரு. 'இது அந்தம்மா இல்ல'ன்னுட்டாரு."

ராப்பகலாக மாரடித்துக் கற்றது, கடைசியில் என்னையே திருடியாக்கிவிட்டது.

"இப்ப நான்தான் பேசறேன்ல, சொல்லுங்கண்ணே அவருகிட்ட."

"எனக்குப் போதும். அவரு எழுத்துல கேக்கறாரு. கோவிச்சுக்காதீங்க, எப்பவும் எழுதற மாதிரியே ஒண்ணு எழுதி அனுப்புங்களேன்."

எங்கள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. மில்லோ நின்று கிடக்கிறது, போன் மேல் போன்.

"அனுப்பிடுங்க அக்கா. நான் சொல்றேன், அனுப்புங்க."

உட்கார்ந்தேன். ரிசீவ்டைத் தப்பாக அடித்தேன். கம்ப்யூட்டர் சரியாக்கியது. அந்தத் திருத்தத்தை அழித்து மறுபடி தப்பாக்கினேன். செபரேட்டும் அதே கதை. தப்பு தானாக வந்த கைக்கு இப்போது யோசித்து யோசித்துத் தப்பு செய்ய வேண்டியிருந்தது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "டி-ய எடுத்துடுங்க," என்றார். எடுத்தேன். நாலு சிவப்புக் கோடுகளோடு மெயில் போனது. கொஞ்ச நேரத்தில் லாரி உள்ளே போய்விட்டதாகச் செய்தி வந்தது.

மாதக் கடைசியில் எச்.ஆர். கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, கான்ட்ராக்ட் மட்டும் இன்னும் ஆறு மாதம். காரணம், எழுத்தில் முன்னேற்றம் நிலையாக இல்லை. உதாரணத்துக்கு ஒரு மெயிலை இணைத்திருந்தார்கள். அந்த மெயில்தான். சிங்கப்பூருக்குப் போகும் பிரதி அதிலும் தானாகவே போயிருக்கிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"சார், இத எழுதச் சொன்னது நீங்கதான்னு அவங்களுக்கு ஒரு வரி போடுங்க."

அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். "எப்படி அக்கா? தப்பா எழுதச் சொன்னேன்னு நானே எழுதினா நல்லாவா இருக்கும்? ஆறு மாசம்தானே, ஓடிரும் லா."

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அழுகையும் வரவில்லை. அப்படியே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடலாம் போல ஒரு அசதி. திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, அந்த மில்லு பம்பு ரெடி. நாளைக்கு லாரி போகுதுன்னு ஒரு மெயில் போட்டுடுங்க."

"நீங்களே போடுங்க சார்," என்றேன். "உங்களுக்குத்தான் ஸ்பெல்லிங் நல்லா வருமே."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.