நனையாத சுவர்

என் வீட்டுக்கு வேலை பழக வந்த ஒருவரை நான் திட்டமிட்டு அவமானப்படுத்தினேன். ஏதோ கோபத்தில் வாய் தவறி நடந்ததல்ல. முந்தின சாயங்காலமே யோசித்து, அதற்கென்று ஒரு பழைய துண்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு செய்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். படித்த படிப்பு அன்று அதற்குத்தான் உதவியது.

வீட்டில் யாரும் குழாயைத் திறக்காதபோதும் பிரஷர் பம்ப் தானாக ஓடத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். எங்கோ தண்ணீர் கசிந்து அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். மொட்டை மாடி லைனில்தான் கோளாறு என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பிளம்பர் முப்பது வயதுக்காரர். கூட வந்தவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். இருபது வருடம் விசைத்தறி ஓட்டிவிட்டு, ஒன்றரை வருடமாக இவரிடம் வேலை பழகுகிறார். வயதில் மூத்தவர் என்பதால் பிளம்பர் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்.

"எல்லாக் குழாயையும் அடைச்சிருங்க சார். ஃபேனையும் நிறுத்திருங்க" என்றார் வேலை பழகுகிறவர்.

அவரிடம் இருந்த கருவி ஒரு நீள ஸ்குரூ டிரைவர் மட்டும். அதன் நுனியைக் குழாயில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி, வாயை லேசாகத் திறந்துகொண்டு கேட்டார். பம்ப் ஓடும்போது எதுவும் கேட்காது. அது நின்று மறுபடி ஓடுவதற்குள் கேட்டாக வேண்டும். கைக்கடிகாரத்தில் பார்த்தார், நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்துக்குள் ஒவ்வொரு குழாயாகப் போய்க் கேட்டார். சமையலறையில் லேசாகக் கேட்டது. வாஷ்பேசினில் அதைவிடக் குறைவு. பூஜை அறைப் பக்கத்துக் குழாயில் கூடுதல். பிறகு ஹாலில் மண்டியிட்டு, பைப் போகும் வழியில் ஒரு சாண் ஒரு சாணாகத் தரையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். பூஜை அறை வாசலில் நின்றார். பிளம்பரிடம் வால்வை அடைக்கச் சொன்னார், திறக்கச் சொன்னார், மறுபடி அடைக்கச் சொன்னார்.

"அடைச்சா நிக்கு. திறந்தா வருது. இங்கனதான்."

நான் போட்டு ஒரு மாதம்கூட ஆகாத கிரானைட்டில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

"தறிச் சத்தத்துல செத்த காதை வச்சுக்கிட்டு என் தரையை உடைக்கச் சொல்லுதீரா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "மேல்சத்தந்தான் சார் எனக்குப் போச்சு. கொசு காதுகிட்ட வந்தாலும் தெரியாது. அடிச்சத்தம், கனத்த சத்தம், நல்லாக் கேக்கும். இரும்புப் பைப்புன்னா விசில் மாதிரி வரும், நான் விட்டுருவேன். பிளாஸ்டிக் பைப்புல மேல்சத்தம் தூரம் போகாது. அடிச்சத்தந்தான் வந்து சேரும்."

அது சரியான இயற்பியல். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அது புரிந்திருக்காது. அவர் சொல்லி நான் கேட்க நேர்ந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிளம்பர் சமாதானம் செய்தார். "நாளைக்குக் காலைல இன்னொரு தடவ கேப்போம் சார். அண்ணாச்சி, குறி நீங்களே போடுங்க. சரியா இருந்துச்சுன்னா புளியங்குடி வேலைக்கு உங்களத் தனியா அனுப்புதேன்."

பழக வந்தவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் அவர்கள் வருமுன் என் படுக்கையறைக் குளியலறையில் ஒரு குழாயை மயிரிழை அளவு திறந்தேன். குழாய் வாயில் துண்டைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டேன். தண்ணீர் துணி வழியே சத்தமில்லாமல் இறங்கும். ஆனால் குறுகிய வாய் வழியாகப் பீறிடும் இரைச்சல் பைப்பில் ஓடும். அந்தக் குளியலறைச் சுவருக்கு மறுபக்கம்தான் வாஷ்பேசின்.

அவர் வந்து ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கேட்டார். முகம் மாறியது. மறுபடி கேட்டார்.

"நேத்து பூஜை ரூம்கிட்ட கேட்டுச்சு. இன்னைக்கும் கேக்கு. ஆனா வாஷ்பேசின்ல அதைவிடக் கூடக் கேக்கு." கடிகாரத்தைப் பார்த்தார். "பம்ப்பும் நேத்து நாலு நிமிஷம் சும்மா கெடந்துச்சு. இன்னைக்கு ரெண்டு நிமிஷத்துல ஓடுது. சார், உள்ள ஏதும் குழாய் திறந்திருக்கா?"

"எல்லாம் அடைச்சாச்சு. ராத்திரியில ஓட்டை பெரிசாகியிருக்கும். அழுத்தம் கூடினா அப்படித்தான்" என்றேன்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. வேலைக்கு வந்தவர் வீட்டுக்காரர் படுக்கையறைக்குள் தானாக நுழைய மாட்டார். அதை நம்பித்தான் நான் செய்தேன். அவர் என் வார்த்தையை நம்பினார்.

"எங்க கூடக் கேக்கோ அங்க குறி போடணும். அதான பழக்கம்?" என்றார் பிளம்பர். பழக வந்தவர் வாஷ்பேசின் சுவரில் குறி போட்டார்.

உளி வைத்தவுடன் நான் உள்ளே போய்க் குழாயை இறுக்கினேன். நாலு டைல்ஸ் உடைந்தன. பைப் வெளியே தெரிந்தது. சிமென்ட் பொடி காய்ந்து கொட்டியது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் பைப்பில் மறுபடி காதை வைத்தார்.

"இப்ப அந்தச் சத்தம் கேக்கல" என்றார் மெதுவாக.

நான் சிரித்தேன். "கேக்கலையா? உமக்கு என்னைக்கு வே கேட்டிருக்கு?"

பிளம்பரும் சிரித்துவிட்டார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. அதுவரை அண்ணாச்சி என்றவர், "மானத்த வாங்கிட்டீரே வே. பையத் தூக்கிட்டுக் கெளம்பும். நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றார். பழக வந்தவர் உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் போனார்.

பத்து நாளில் பூஜை அறை வாசலில் கிரானைட் இணைப்பு கறுத்தது. வாசுதேவநல்லூரிலிருந்து வேறு ஆளை வரவழைத்து உடைத்தேன். பைப் வளையும் இடத்து எல்போவில் விரிசல், ஊசி கனத்தில் தண்ணீர் பீறிட்டது. முதல் நாள் போட்ட சாக்பீஸ் குறிக்கு நேர் கீழே.

பிளம்பரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணாச்சிய வரச் சொல்லுங்க சார்" என்றார்.

அவர் பழைய தறி வேலைக்கே திரும்பியிருந்தார். தறிக்கூடத்தில் அவரைக் கண்டேன். அந்த இரைச்சலில் மெதுவாக மன்னிப்புக் கேட்க முடியாது. கத்தினேன். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை பக்கத்துத் தறிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தறியை நிறுத்தினார். "அப்ப அந்த ரெண்டு நிமிஷம்?"

"நான் திறந்து வச்ச குழாய்."

"நான் கேட்டேம்லா சார் உங்ககிட்ட?"

தறியை மறுபடி ஓடவிட்டார். மறுவாரம் பிளம்பரிடம் திரும்பப் போனார். எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பிளம்பரைக் கடைத்தெருவில் பார்த்தபோது அவரைப் பற்றி விசாரித்தேன்.

"வேலைய விட்டு அனுப்பிட்டேன் சார். அடைச்சாச்சுன்னு யார் சொன்னாலும் நம்ப மாட்டேங்கார். பெட்ரூம், பாத்ரூம்னு கதவத் தொறந்து போயி ஒவ்வொரு குழாயா அவரே திருகிப் பாக்கார். மூணு வீட்டுல சண்டை. ஒரு வீட்டுல திருட்டுப் பட்டமே கட்டிட்டாங்க."

நான் அந்த வீட்டில் வந்து பேசுகிறேன் என்றேன்.

"வேண்டாம் சார். நீங்க எங்கயும் வராதீங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.