வலது சுவரில் முட்டிய முகங்கள்

போர் நடந்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நல்ல கிராக்கி. காரணம் கலை அல்ல. எல்லோரையும் வெள்ளையாக்கிவிடுவேன். ஃபிளாஷைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும், எந்த மாப்பிள்ளையும் வெயிலே படாதவர்போல் ஆகிவிடுவார். சனம் அதைத்தான் கேட்டது, நானும் அதைத்தான் கொடுத்தேன்.

ஒரு நாள் காலையில் ஓர் அம்மா ஆல்பத்தோடு வந்தார். மூன்று மாதத்துக்கு முன் அவருடைய மகளின் கல்யாணத்தை நான்தான் எடுத்திருந்தேன். பம்பலப்பிட்டிக்கு வேலைக்குப் போன மகன் பத்து நாளாக வீடு திரும்பவில்லை. அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. பழைய படங்களெல்லாம் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டில் கிடந்தன. பொலிஸ் முறைப்பாட்டோடு கொடுக்க இந்த ஆல்பம்தான் மிச்சம்.

"தம்பி, இந்தப் படத்திலை ஆள் ஆரெண்டு மட்டுக்கட்டேலாது எண்டு சொல்லிப்போட்டினம். அவன்ரை கன்னத்திலை மச்சம் இருக்கு. அது தெரியிற மாதிரி ஒண்டு எடுத்துத் தாங்கோ."

சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். கணினியில் அந்தக் கல்யாணத்தைத் திறந்து, அவன் இருக்கும் படங்களைப் பொறுக்கினேன். பதினொன்று. ஒவ்வொன்றிலும் அவன் முகத்தை மட்டும் சுற்றி வளைத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்தேன். முழுப் படத்துக்கும் பார்த்தால் கறுத்த கோட்டுகள் கணக்கைக் குழப்பிவிடும். ஹிஸ்டோகிராம் என்பது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் மலைபோல ஒரு வரைபடம். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். மலை பெட்டிக்குள் நின்றால் படம் தப்பும். வலது சுவரில் முட்டி நின்றால், அங்கே இருந்ததெல்லாம் வெறும் வெள்ளை, திருப்பி எடுக்க ஒன்றுமில்லை.

முதல் படம் முட்டியது. இரண்டாவதும் முட்டியது. மூன்றாவதில் வெளிச்சத்தை இறக்கிப் பார்த்தேன். கன்னமும் நெற்றியும் சாம்பல் நிறமாகின, மச்சம் வரவில்லை. இன்னும் இறக்கினேன். கண்ணும் மீசையும் மட்டும் சாம்பலில் மிதந்தன. பக்கத்தில் நின்ற அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனை எனக்கு நினைவிருந்தது. மண்டப வாசலில் என்னிடம் வந்து, "அண்ணை, என்னையும் கொஞ்சம் வெள்ளையாப் போடுங்கோ, எனக்கும் பொம்பிளை பாக்கினம்" என்று சிரித்தவன். ஓம் என்றேன். பத்துப் படத்திலும் சொன்னபடி செய்திருந்தேன். அவனை யாரோ கொண்டுபோவதற்கு முன்பே நான் அழித்துவிட்டதுபோல் இருந்தது. குற்றவுணர்வு என்று இப்போது சொல்கிறேன். அன்று அது வெறும் பயம்.

பதினொன்றாவது கறுப்பாகக் கிடந்தது. ஃபிளாஷ் சார்ஜ் ஏறுமுன் அழுத்திவிட்ட படம். சோம்பலில் அழிக்காமல் விட்டிருந்தேன். முகத்தின் ஹிஸ்டோகிராமில் எல்லாம் இடப்பக்கம் குவிந்து கிடந்தது, ஆனால் இடது சுவரில் முட்டவில்லை, மயிரிழை இடைவெளி இருந்தது. வெளிச்சத்தை ஏற்ற, வலது முனையின் குறியை மலை முடியும் இடம்வரை இழுத்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து அவன் வந்தான். முதலில் காது, பிறகு தாடை, பிறகு மச்சம். படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி. படம் எடுப்பது தெரியாமல், சிரிக்காமல், திறந்திருந்த மண்டபக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். கதவுக்கு வெளியே என்ன இருந்ததென்று தெரியவில்லை. அந்தப் பகுதி மட்டும் இடது சுவரில் முட்டியிருந்தது, எவ்வளவு ஏற்றியும் கறுப்பாகவே நின்றது.

அம்மா திரையில் மச்சத்தைத் தொட்டார்.

"இவன்தான்," என்றார். பிறகு, "இவ்வளவு கறுப்பே என்ரை பிள்ளை? கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ தம்பி."

"வேண்டாம் அம்மா," என்றேன். "இப்பிடியே கிடக்கட்டும்."

ஆறு பிரதி அடித்துக் கொடுத்தேன். அவன் வரவில்லை.

அன்று அவர் போன பிறகு கடையைப் பூட்டாமல் இருந்து அந்த வருடக் கல்யாணங்கள் எல்லாவற்றையும் திறந்தேன். மாப்பிள்ளைகள், தோழன்மார், மச்சான்மார். ஒவ்வொரு இளந்தாரியின் முகத்தையும் சுற்றி வளைத்துப் பார்த்தேன். காணாமல் போனால் இவனைக் கண்டுபிடிக்கலாம், இவனை ஏலாது, இவனையும் ஏலாது. வலது சுவரில் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களெல்லாம் அப்போது வீட்டில்தான் இருந்தார்கள். ஆனாலும் என் கை நிற்கவில்லை.

நான் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை என்பது கடைசியில்தான் உறைத்தது. மறுநாள் வீட்டு ஜன்னலோரம் ஃபிளாஷ் இல்லாமல் என்னை நானே எடுத்தேன். மூன்றாவது தடவையில் மலை இரண்டு சுவரையும் தொடாமல் நடுவில் நின்றது. நெற்றித் தழும்பு தெளிவாக இருந்தது. மூன்றையும் ஒரு சிடியில் போட்டு, எந்தப் படம் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் படத்தின் நம்பரை ஒரு துண்டில் எழுதி, சிடியோடு அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.