கல்முனையிலிருந்து கொழும்பு: எந்தக் கட்டையை நம்புவது?

போன பாடசாலை விடுமுறையில் தங்கச்சி ஜெசீமாவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. மச்சான் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். ஐந்து மாதமாக லீவு இல்லை. அவர் வர முடியாவிட்டால் நாங்கள் போவோம் என்று முடிவெடுத்து, துணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? இந்தப் பாதையில் நான் இருநூறு தரம் போய் வந்தவன். கண்ணைக் கட்டி விட்டாலும், எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்று குலுக்கலை வைத்தே சொல்வேன். பஸ் ஓட்டுகிறவர்களே சில நேரம் என்னிடம் பாதை கேட்பதுண்டு. (ஒரு தரம் கேட்டார்கள். அது போதும்.)

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தங்கச்சியின் மூத்தவள், எட்டு வயது மருமகள் சஹ்னா வரமாட்டேன் என்றாள். போன வருடம் கண்டிக்குப் போனபோது பஸ்ஸில் அடக்க முடியாமல் சீற்றிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாளாம். சாச்சா (சித்தப்பா) வீட்டுப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் கேலி செய்கிறார்கள். வாப்பாவைப் பார்க்க ஆசை, பஸ்ஸுக்குப் பயம். புறப்படும் நாள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. கல்முனை வெயிலில்!

நான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன்.

“புள்ள, பஸ் எங்க நிக்கும், அதுக்கு எவ்வளவு தூரம் இருக்கு, எல்லாம் இந்த மாமா சொல்லுவன். நீ கேட்டாச் சரி.”

“சத்தியமா?”

“மாமாட வாய்க்குள்ள கிலோமீற்றர் இருக்குகா!”

அவள் சிரித்தாள். பையைத் தூக்கினாள்.

தனியார் பஸ். டிக்கெட் ஆளுக்கு 2,300 ரூபா. சஹ்னாவின் தம்பி, ஐந்து வயது அத்னானை மடியில் வைத்துக்கொண்டதால் அவனுக்குக் காசு இல்லை. இஷா தொழுதுவிட்டு ஏறினோம், சரியாக 8.30க்கு எடுத்தார்கள். ட்ரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் முன் கண்ணாடி வழியாகப் பாதையோரத்துக் கிலோமீற்றர் கட்டைகள் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வரும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த வரிசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பெரியநீலாவணை தாண்டவில்லை, அத்னான் தொடங்கிவிட்டான்.

“மாமா, இன்னும் எவ்வளவு தூரம்?”

“அந்தக் கட்டையில கொழும்புக்கு எத்தன கிலோமீற்றர் எண்டு போட்டிருக்கும். குறைஞ்சு குறைஞ்சு போகும். பூச்சியம் வந்தா கொழும்பு” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்து சீற் ஆட்களும் தெரிந்துகொள்ளட்டுமே.

சஹ்னா கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. களுவாஞ்சிக்குடி வந்ததும் மெதுவாக என் சட்டையை இழுத்தாள்.

“மாமா, கூடுது.”

“என்ன கூடுது?”

“நம்பர். ஏறினதுல இருந்து கூடிட்டே போகுது. நானூறும் தாண்டிட்டு. நாம கொழும்புக்குத்தானே போறம்?”

பார்த்தேன். உண்மைதான். இருநூறு தரம் போனவன், ஒரு தரமும் கவனிக்கவில்லை. “அது… கடல் பக்கமா அளக்கிற கணக்கு. மறுகா சரியாகும்” என்று ஒரு போடு போட்டேன். பிள்ளைக்குச் சமாதானம் வரவில்லை. முகம் வாடிவிட்டது. பாதை பிழை என்றால் கொழும்பு வராது, கொழும்பு வராவிட்டால் கக்கூசும் வராது. அவளுடைய கணக்கு அது. கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜெசீமா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “காக்கா, தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்களன். அவள் நீங்க சொல்றத நம்பித்தான் வந்திருக்காள்.” (எங்கள் பக்கம் அண்ணன் முறைக்காரரைக் காக்கா என்போம்.)

எனக்கு என்னவோ போலிருந்தது. எழுந்து கண்டக்டர் தம்பியிடம் போனேன். மருதமுனைப் பொடியன், இருபத்தைந்து வயதிருக்கும். அவன் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். இதை எந்தப் பயணக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு பெரிய பாதைக்கும் தனித் தொடக்கம் இருக்கிறது. கட்டை அந்தத் தொடக்கத்திலிருந்துதான் எண்ணும், நாம் போகும் இடத்திலிருந்து அல்ல. கல்முனை வழியாக ஓடும் பாதை கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று என்று நாட்டைச் சுற்றி மட்டக்களப்பில் முடிகிறது. கல்முனைக் கட்டையில் கிட்டத்தட்ட 390 என்று இருப்பது அந்தச் சுற்றுப் பாதைத் தூரம். நாங்கள் வடக்கே போவதால் அது கூடுகிறது. மட்டக்களப்பில் 430க்குக் கிட்ட வந்து நின்றுவிடும். பிறகு திருகோணமலைப் பாதை. அது மட்டக்களப்பில் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஓட்டமாவடியைத் தாண்டி ஹபரணைப் பாதைக்குக் கிறுகித் திரும்பினால் 125 போல ஒரு நம்பர் வரும். அது குறையும். ஆனால் அது கொழும்புக்கு அல்ல, மரதன்கடவலைக்கு.

“அப்ப இடைல பாத்து, கொழும்புக்கு நூறுதான் எண்டு நினைச்சா?”

“நினைக்கிறாக்கள் இருக்காங்க காக்கா. ஹபரணைல இருபத்தஞ்சு எண்டு கண்டு பேக்கத் தூக்கிட்டு நிண்டவங்களும் இருக்காங்க” என்று சிரித்தான். ஹபரணையிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை இன்னொரு கணக்கு, 115 போலத் தொடங்கிக் குறையும். அம்பேபுஸ்ஸவில் கண்டிப் பாதையில் ஏறின பிறகுதான் கட்டை கொழும்பைச் சொல்லும். அப்போது அறுபது.

“பஸ் எங்க நிக்கும்?”

“கதுருவெலக் கடையில. எழுபத்தி மூணாம் கட்டைக்குக் கிட்ட.”

வந்து சஹ்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கண்டக்டர் எனக்குத் தெரிந்ததைத்தான் உறுதிப்படுத்தினான் என்கிற தோரணையில். அவள் அதைக் கவனிக்கவில்லை. நம்பர் மட்டும் வேண்டும் அவளுக்கு. “ஒரு கட்டைக்கு ஒரு நிமிஷம்” என்றேன். பஸ் அறுபதில் ஓடினால் அது சரியான கணக்கு.

10.25க்கு ஓட்டமாவடி. அங்கே மழை. ட்ரைவர் மெதுவாகப் போனதில் இருபத்தைந்து நிமிடம் பிந்திவிட்டது. ஹபரணைப் பாதைக்குத் திரும்பியதும் முதல் கட்டையைப் பார்த்து சஹ்னா என் கையைப் பிடித்தாள். நம்பர் குறைய ஆரம்பித்தது. வெலிக்கந்தையில் தொண்ணூற்றேழு. மன்னம்பிட்டியில் எண்பத்து நாலு. ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அத்னானுக்கு நான் யானைக் கதை சொன்னேன், ஒரு கொம்பன் இதே பாதையில் ஜன்னலால் தும்பிக்கையை விட்டு என் பராட்டாப் பார்சலை எடுத்து, சம்பலை மட்டும் திருப்பித் தந்த கதை. அவன் நம்பி உறங்கிவிட்டான்.

எழுபத்து ஐந்து. எழுபத்து நாலு. எழுபத்து மூன்று.

கடைக்குப் பூட்டு.

ட்ரைவர் வேகத்தைக் குறைத்தார், எட்டிப் பார்த்தார், மறுபடி மிதித்துவிட்டார். எழுபத்து ஒன்று. பொலன்னறுவையின் வெளிச்சங்களும் பின்னால் போயின.

“மாமா,” சஹ்னா மறுபடி என் சட்டையை இழுத்தாள், “இப்ப எவ்வளவு தூரம்?”

வாய் வரை “இந்தா வந்துட்டு” என்பது வந்துவிட்டது. பிள்ளைகளிடம் நாம் எல்லோரும் சொல்வதுதானே. ஆனால் அவள் கட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் பொய்யை அடுத்த நிமிடமே அது காட்டிக் கொடுக்கும்.

“இனித் தம்புள்ளைலதான் நிக்கும் போல. அறுபத்தெட்டுக் கிலோமீற்றர் புள்ள. ஒரு மணித்தியாலத்துக்கு மேல.”

அவள் என் காதுக்குள் சொன்னாள். “ஏலாது மாமா. யாருக்கும் சொல்லாதீங்க.”

எழுந்து போனேன். ட்ரைவர் சம்மாந்துறைக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். “காக்கா, ஒருக்கா நிப்பாட்டணும்.”

“இனி மின்னேரியாக் காடு. ஆனை நிக்கும். ஏலாது. ஆருக்கு?”

பின்னால் சஹ்னா தலையைக் குனிந்திருந்தாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். “எனக்குத்தான்! சீனி வருத்தம். டொக்டர் அடக்கவே கூடாதெண்டு சொல்லியிருக்கார். அடக்கினா உங்கட பஸ்ஸுக்குத்தான் நட்டம்.” எனக்கு நீரிழிவு இல்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ட்ரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இருநூறு தரம் கொழும்புக்குப் போன ஆளெண்டு ஏறக்க கதைச்சீங்க. தம்புள்ளைக்குத் தாங்காதோ?”

பஸ் சிரித்தது. கடைசி சீற்றில் ஒருவர், “மாமாக்குப் பேம்பர்ஸ் வாங்கிக் குடுங்க” என்றார். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

“காட்டுக்கு முன்னால ஒரு பெற்றோல் செட் இருக்கு. எட்டுக் கிலோமீற்றர். அஞ்சு நிமிஷந்தான் தருவன்” என்றார் ட்ரைவர்.

வந்து உட்கார்ந்தேன். “எட்டுக் கட்டை” என்றேன். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. நான் ஒரு பேச்சில் ஒன்றும் சேர்க்காமல் விட்டது அபூர்வம் என்று ஜெசீமா பிறகு சொன்னாள். சஹ்னா விரல்களை விரித்து ஒவ்வொன்றாக மடக்கினாள். ஆறாவது விரலில் கண்ணை மூடிக்கொண்டாள், அதற்குப் பிறகு நான் எண்ணினேன். எட்டாவது கட்டை தாண்டி நூறு மீற்றர் போனதும் செட்டின் வெளிச்சம் தெரிந்தது.

அவளையும் உம்மா ஜெசீமாவையும் முதலில் இறக்கினேன். நான் நோயாளி அல்லவா, பின்னால் போக வேண்டும். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒரு ஊரே இறங்குகிறது! அபாயா போட்ட பதினாலு பெண்கள், இரண்டு முதியவர்கள், பேம்பர்ஸ் வாங்கச் சொன்ன ஆளும். பெண்களின் வரிசை பெற்றோல் பம்ப் வரை வந்தது. ஒரு பெரியம்மா என்னைத் தாண்டும்போது, “நீங்க நல்லா இருக்கணும் தம்பி. ஏறாவூர்ல இருந்து ஆராவது கேப்பாங்களெண்டு பாத்துட்டு இருந்தன்” என்றார்.

ஐந்து நிமிடம் இருபத்திரண்டு நிமிடம் ஆனது. ட்ரைவர் ஹோர்ன் அடித்து அடித்துக் கடைசியில் தானும் இறங்கிவிட்டார்.

சஹ்னா உடுப்பு நனையாமல் வந்தாள். ஹபரணையை அவள் பார்க்கவில்லை, உறங்கிவிட்டாள். தம்புள்ளை 1.40, குருநாகல் 3.00, அம்பேபுஸ்ஸ 3.45. புறக்கோட்டையில் 5.20க்கு இறங்கினோம். மொத்தம் 355 கிலோமீற்றர் போல. மச்சான் பஸ்ஸடியில் நின்றார்.

பிள்ளைகளோடு இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். பிள்ளை “எவ்வளவு தூரம்” என்று கேட்டால், எதற்கு என்று முதலில் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அலுப்பு, சில பிள்ளைகளுக்கு அவசரம். கொழும்புத் தூரத்தைச் சொல்லாதீர்கள், பஸ் அடுத்து நிற்கும் இடத்துக்குரிய தூரத்தைச் சொல்லுங்கள். அந்த இடம் பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று கண்டக்டரிடம் ஏறும்போதே பேசி வையுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், பிள்ளைக்குத் தலையிடி வரும். பெற்றோல் செட் கக்கூசுக்கு முப்பது ரூபா சில்லறை வைத்திருங்கள்.

ஒரு கிழமை கழித்து இரவு எட்டு மணிக்குப் புறக்கோட்டையில் திரும்பும் பஸ் ஏறினோம். வேறு பஸ், வேறு கண்டக்டர். சாமான்களை மேலே வைத்துக்கொண்டிருந்தேன். கீழே சஹ்னாவின் குரல் கேட்டது, முன் வரிசைகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

“காக்கா, முதல்ல எங்க நிப்பாட்டுவீங்க?”

கண்டக்டர் என்னைப் பார்த்தான். “மாமாக்கா?”

“இல்ல,” என்றாள் அவள், “எனக்கு.”